கடைக்காரர் தரவேண்டிய பாக்கி

திருகோணமலைத் துறைமுகத்தின் மேல் வெயில் தாழ்ந்து, உட்துறைமுக வீதியில் கடற்காற்று எழத் தொடங்கிய ஒரு மாலை வேளையில், நகரத்துச் சுப்பர் மார்க்கெட் ஒன்றின் காசுமேசைக்கு முன்னால் வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். எனக்கு முன்னால் நின்றவர் மூதூரிலிருந்து வந்த வயதான தாயார் ஒருவர். அரிசியும் பருப்பும் பால்மாப் பெட்டியும் இரண்டு சவர்க்காரக் கட்டிகளும் கணக்கிடப்பட்ட பின்பு, அவர் தமது தொலைபேசி இலக்கத்தைப் பாடம் ஒப்புவிப்பதுபோலச் சொல்லிவிட்டு, "என்ட நம்பர்ல கிடக்கிற பொயின்ட்ஸ இண்டைக்குக் கழிச்சு விடுங்க பிள்ள" என்றார். மேசையிலிருந்த பெண் திரையைப் பார்த்து, "430 தான் இருக்குதம்மா. 210 போன மாசத்தோட முடிஞ்சிட்டு" என்றாள். தாயார் சற்று நேரம் பேசாமல் நின்றார், பிறகு கோபமேதும் இல்லாத குரலில், "முடிஞ்சிட்டெண்டா அந்தக் காசு ஆருக்குப் போச்சு?" என்று கேட்டார். வரிசையில் நின்ற எவரும் அதற்குப் பதில் சொல்லவில்லை. கேள்வி அவ்வளவு நேரானது. அதற்குரிய பதிலோ, கணக்காளர்களின் ஏடுகளிலே மட்டும் எழுதப்பட்டிருப்பது. அந்தப் பதிலைச் சாதாரண வாசகர் அறியத்தக்க பாஷையில் எடுத்துச் சொல்லவேண்டும் என்ற எண்ணம் அன்றிரவு முழுவதும் என்னை விடவில்லை.

புள்ளி என்பதைக் கடைக்காரர் மனமுவந்து தரும் சன்மானம் என்றே நம்மிற் பெரும்பாலோர் கருதிவருகிறோம். அது சன்மானம் அன்று, கடன். நம் ஊர்ச் சில்லறைக் கடைகளிலே மேசை இழுப்பறைக்குள் கிடக்கும் கடன் கொப்பியை அறியாதவர் எவருமிலர். அதில் வாடிக்கையாளர் கடைக்குத் தரவேண்டியது எழுதப்பட்டிருக்கும். புள்ளிக் கணக்கு அதே கொப்பியைத் தலைகீழாகப் பிடித்தது போன்றது. இங்கே கடன்பட்டவர் கடைக்காரர். கடன் கொடுத்தவர் மூதூர்த் தாயாரைப் போன்றவர். அவர் கொடுத்த ஆயிரம் ரூபாயிலே ஒரு பகுதி இன்றைய பருப்புக்கும், மிகச் சிறிய இன்னொரு பகுதி பின்னொரு நாளில் அவர் வந்து எடுக்கப்போகும் பொருளுக்கும் கொடுக்கப்பட்டதே. அந்தப் பின்னொரு நாள் வரும்வரையில் அச்சிறு பகுதியைக் கடைக்காரர் வட்டியின்றி வைத்து ஆளுகிறார்.

இவ்விடத்தில் பழைய ஏற்பாடு ஒன்றையும் நினைவுகூர வேண்டும். 1844ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ரொச்டேல் நகரத்து நெசவாளர்கள் தொடங்கிய கூட்டுறவுக் கடையில், ஆண்டு முடிவில் மிஞ்சிய இலாபம் அங்கத்தவர்கள் எவ்வளவு வாங்கினார்கள் என்ற விகிதப்படி அவர்களுக்கே பகிர்ந்தளிக்கப்பட்டது. அந்த வழிமுறையே உலகத்துக் கூட்டுறவுக் கடைகளுக்கெல்லாம் முன்மாதிரியாயிற்று. அங்கே முதலில் இலாபம் காணப்பட்டது, பிறகே பங்கு பிறந்தது. இலாபமில்லாத ஆண்டில் பங்குமில்லை, கடனுமில்லை. சுப்பர் மார்க்கெட்டின் புள்ளியோ இலாபம் வந்ததா இல்லையா என்று பார்த்துப் பிறப்பதில்லை. பற்றுச்சீட்டு அச்சாகும் அந்தக் கணத்திலேயே அது பிறந்துவிடுகிறது. ஆகவே அதை இலாபப் பங்கென்று கொள்வதற்கு இடமில்லை. கொடுத்தே தீரவேண்டிய பொறுப்பென்று ஏட்டில் எழுதுவதைத் தவிர வேறு வழியுமில்லை.

இலங்கையில் 2018ஆம் ஆண்டு ஜனவரி முதலாம் திகதி முதல் நடைமுறையிலுள்ள, வருமானத்தை எப்போது எவ்வளவு பதியவேண்டும் என்பதைக் கூறும் பதினைந்தாம் இலக்க நிதி அறிக்கையிடல் நியமம் சொல்வது இதைத்தான். ஜோன் கீல்ஸ் குழுமத்தின் நெக்ஸஸ் திட்டமாயினும், ஸ்ரீலங்கன் விமான சேவையின் ஃபிளைஸ்மைல்ஸ் ஆயினும், பெரிய கொம்பனிகளின் ஐந்தொகையில் இப்புள்ளிகள் பொறுப்புகளின் பக்கத்திலேயே நிற்கவேண்டும். அதன் செய்கையை ஓர் உதாரணத்தால் விளக்குகிறேன். கடையின் பெயரும் தொகைகளும் என் கற்பனை. கணக்கு மாத்திரம் நியமத்தின்படியானது.

ஒரு கடை ஒரு மாதத்தில் 10 இலட்சம் ரூபாய்க்கு விற்கிறது என்றும், நூறு ரூபாய்க்கு ஒரு புள்ளி வீதம் 10,000 புள்ளிகள் கொடுக்கிறது என்றும், ஒரு புள்ளியின் பெறுமதி ஒரு ரூபாய் என்றும் வைத்துக்கொள்வோம். இவற்றில் 8,000 புள்ளிகளே திரும்பிவரும், மீதி 2,000 கேட்பாரின்றிக் காலாவதியாகும் என்று கடை தன் அனுபவத்தைக் கொண்டு மதிப்பிடுகிறது. அப்படியானால் வாடிக்கையாளர் பெற்றவை இரண்டு: 10 இலட்சம் ரூபாய்ப் பொருளும், 8,000 ரூபாய்ப் பெறுமதியான உரிமையும். கைக்கு வந்த 10 இலட்சத்தை இவ்விரண்டுக்கும் விகிதப்படி பிரித்தால் பொருளுக்கு 992,063 ரூபாயும் புள்ளிகளுக்கு 7,937 ரூபாயும் விழுகின்றன. முன்னையது இன்றே வருமானம். பின்னையது பொறுப்பாக ஏட்டில் காத்திருக்கும். ஆண்டு முடிவதற்குள் 3,000 புள்ளிகள் மாற்றப்பட்டால், எதிர்பார்த்த 8,000இல் 3,000 என்ற விகிதப்படி 2,976 ரூபாய் வருமானத்துக்கு மாறும். 4,961 ரூபாய் கடனாக மீந்திருக்கும்.

இந்தப் பங்கீட்டை வாசகர் சற்று உற்று நோக்க வேண்டும். பிரிப்பதற்கு எடுத்துக்கொண்ட எண் கொடுத்த 10,000 அன்று, வருமென்று எதிர்பார்த்த 8,000 ஆகும். அதனால், வந்து புள்ளியை மாற்றிய ஒவ்வொருவரின் கணக்கிலும், வராதவரின் புள்ளியிலே ஒரு துளி சேர்ந்தே வருமானமாகிறது. மூதூர்த் தாயாரின் 210 புள்ளிகள் காலாவதியான மாதத்திலே திடீரென்று கடையின் இலாபமாகிவிடவில்லை. அவற்றுக்கு இன்னும் உயிர் இருந்த காலத்திலேயே, அவரைப் போன்றோரில் இத்தனை பேர் வரமாட்டார்கள் என்ற மதிப்பீட்டின் பெயரால், சிறிது சிறிதாக வருமானப் பக்கத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டன. காசு ஆருக்குப் போச்சு என்று அவர் கேட்டாரே, அதற்கு நேரான பதில் இதுதான்.

ஆக, சகலமும் தங்கியிருப்பது எத்தனை புள்ளிகள் திரும்பி வரும் என்ற ஒரே மதிப்பீட்டின் மீது. மேற்சொன்ன கடை இரண்டாம் ஆண்டு முடிவில் மொத்தம் 6,000 புள்ளிகள் மாற்றப்பட்டிருக்கக் காண்கிறது என்றும், வாடிக்கையாளர்கள் நினைத்ததைவிட விழிப்பாயிருப்பதால் இறுதியில் 9,000 வரும் என்று மதிப்பீட்டைத் திருத்துகிறது என்றும் கொள்வோம். அப்போது இதுவரை வருமானமாகியிருக்க வேண்டியது 7,937இல் ஒன்பதில் ஆறு பங்கு, அதாவது 5,291 ரூபாய். பழைய மதிப்பீடே நின்றிருந்தால் 5,953 ரூபாய் ஆகியிருக்கும். வேற்றுமை ஏறக்குறைய 660 ரூபாய். ஒரு கடையின் ஒரு மாதத்துப் புள்ளிகளுக்கே இவ்வளவு. நாடெங்கும் கிளைகளும் இலட்சக்கணக்கான அங்கத்தவர்களும் உள்ள திட்டமொன்றில் இது எவ்வளவாகப் பெருகும் என்பதைக் கனடாவில் நிகழ்ந்ததைக் கொண்டு பின்னே காட்டுகிறேன். அதற்கு முன்பு மதிப்பீடு எப்படிப் பிழைத்துப் போகிறது என்பதைச் சொல்லவேண்டும். இந்த விஷயத்தின் உயிர்நிலை அங்கேதான் இருக்கிறது.

கடை முகாமையாளர் ஒருவரிடம், உங்கள் புள்ளிகளில் எவ்வளவு திரும்பி வருகிறது என்று கேட்டால், இதுவரை கொடுத்த மொத்தத்தை ஒரு பக்கமும் இதுவரை மாற்றப்பட்ட மொத்தத்தை மறுபக்கமும் வைத்து வகுத்து விடை சொல்லிவிடுவது அவருக்கு இயல்பு. அது எவ்வளவு பெரிய பிழைக்குக் கொண்டுபோய் விடும் என்று பாருங்கள். வளர்ந்துவரும் ஒரு கடை முதலாம் ஆண்டில் ஒரு இலட்சம் புள்ளிகளும், இரண்டாம் ஆண்டில் இரண்டு இலட்சமும், மூன்றாம் ஆண்டில் நான்கு இலட்சமும் கொடுக்கிறது. எந்த ஆண்டில் கொடுத்தவையாயினும், அந்த ஆண்டிலேயே 20 வீதமும், அடுத்த ஆண்டில் 40 வீதமும், மூன்றாம் ஆண்டில் 20 வீதமும் மாற்றப்படுகின்றன. எஞ்சிய 20 வீதம் மூன்றாம் ஆண்டின் முடிவில் காலாவதியாகிறது. உண்மையில், நூறு புள்ளியில் எண்பது வந்துசேருகிற கடை இது.

மூன்றாம் ஆண்டின் கடைசி நாளில் கணக்கை எடுத்துப் பார்ப்போம். முதலாம் ஆண்டுப் புள்ளிகளில் 80,000 வந்துவிட்டன. இரண்டாம் ஆண்டினவற்றில் 120,000 வந்துள்ளன. மூன்றாம் ஆண்டினவற்றில், அவை கைக்கு வந்து அதிக காலம் ஆகாமையால், 80,000 மட்டுமே வந்துள்ளன. கூட்டினால் 280,000. கொடுத்ததோ ஏழு இலட்சம். முகாமையாளர் வகுத்துப் பார்த்து, "நூற்றுக்கு நாற்பதுதான் வருகிறது, அறுபது வராது" என்கிறார். அவர் சொன்னதை அப்படியே ஏட்டில் ஏற்றினால் நடப்பதென்ன? ஏழு இலட்சத்தில் நாற்பது வீதம் 280,000. அது முழுவதும் ஏற்கெனவே வந்துவிட்டபடியால், இனிக் கொடுக்கவேண்டியது ஒன்றுமேயில்லை என்று ஐந்தொகை காட்டும். உண்மையிலோ, இரண்டாம் ஆண்டுப் புள்ளிகளில் 40,000மும் மூன்றாம் ஆண்டுப் புள்ளிகளில் 240,000மும் இனிமேல்தான் காசுமேசைக்கு வரக் காத்திருக்கின்றன. 280,000 ரூபாய்க் கடன் முழுவதும் கண்ணுக்குத் தெரியாமல் மறைந்துபோகிறது. இங்கே ஒருவரும் பொய் சொல்லவில்லை. ஒரு ரூபாயையும் களவாடவில்லை. இளம் புள்ளிகளையும் முதிர்ந்த புள்ளிகளையும் ஒரே சாக்கில் போட்டு நிறுத்ததே குற்றம்.

பரிகாரம் கடினமானதன்று. எந்த மாதத்தில் பிறந்த புள்ளிகள் என்று தொகுதி தொகுதியாகப் பிரித்து, ஒவ்வொரு தொகுதியும் தன் ஆறாம் மாதத்தில் எவ்வளவு குறைந்தது, பன்னிரண்டாம் மாதத்தில் எவ்வளவு குறைந்தது என்று ஒரே வயதில் வைத்து ஒப்பிடவேண்டும். ஒரு வகுப்புப் பிள்ளைகளின் உயரத்தை அடுத்த வகுப்புப் பிள்ளைகளின் உயரத்தோடு ஒப்பிடும்போது வயதைப் பாராமல் விடுவோமா? முதிர்ந்த தொகுதிகள் நடந்துபோன தடத்தைக் கொண்டே இளம் தொகுதிகள் இனி எங்கே போகும் என்று கணிக்க வேண்டும். அதற்கு, வாடிக்கையாளர் ஒருவர் 100 புள்ளியை மாற்றும்போது அவை எந்த மாதத்துப் புள்ளிகள் என்ற குறிப்பு தரவில் இருந்தாக வேண்டும். முதலில் வந்தது முதலில் போகும் என்ற முறையைக் கணினியில் ஆரம்பத்திலேயே வைத்துவிட்டால் இது தானாக அமையும். அதை வைக்காமல் மொத்த மீதியை மாத்திரம் சேமித்து வைத்த கடைகள், பிற்காலத்தில் கணக்காய்வாளர் கேட்கும்போது பதில் சொல்லமுடியாமல் திண்டாடுவதுண்டு.

வயதைப் பிரித்த பிறகும் சராசரி ஏமாற்றும். வாரந்தோறும் வண்டில் நிறைய வாங்கிப் போகிற குடும்பம் தன் புள்ளிகளை ஏறத்தாழ முழுவதும் மாற்றிக்கொள்கிறது. கொழும்பிலிருந்து நிலாவெளிக்குக் கடல் பார்க்க வந்தவர் ஒரு தடவை தண்ணீர்ப் போத்தல் வாங்கிப் பெற்ற ஐந்து புள்ளிகள் ஒருபோதும் திரும்புவதில்லை. இரண்டையும் கலந்து எண்பது வீதம் என்றால், அந்த எண்பது வீதக்காரர் ஒருவரும் உலகத்தில் இல்லை. நகரத்தில் உல்லாசப் பயணிகள் பெருகிய ஆண்டில் வராத புள்ளிகளின் வீதம் உயரும்; அதைப் பார்த்து மூதூர், கிண்ணியா வாசிகளும் மறந்துவிடுவார்கள் என்று கடை எண்ணினால், மறு ஆண்டில் அது தவறென்று காசுமேசையே காட்டிவிடும்.

நம் மாவட்டத்துக்கேயுரிய இன்னொரு சங்கதியும் உண்டு. வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்தில் நம் கரையில் கடல் கொந்தளிக்கும். தொழிலுக்குப் போகாத நாள்கள் அதிகம். கையில் காசு குறையும் அந்த மாதங்களில் சேர்த்துவைத்த புள்ளியைக் கழித்துச் சாமான் வாங்குவது மீன்பிடிக் குடும்பங்களுக்கு இயல்பு. தைப்பொங்கலும் சித்திரைப் புத்தாண்டும் நோன்புப் பெருநாளும் நத்தாரும் தத்தம் காலத்தில் புள்ளிகளைக் காசுமேசைக்கு இழுத்து வருவன. அவற்றுள் நோன்புப் பெருநாள் பிறைக் கணக்கில் ஆண்டுதோறும் சுமார் பதினொரு நாள் முன்னே நகர்ந்துகொண்டிருப்பது. ஆதலால் ஒரு ஓகஸ்ட் மாதத்தைக் கண்டு, புள்ளிகளை ஒருவரும் கேட்பதில்லை என்று முடிவு கட்டுவது நம் ஊரை அறியாதவர் செய்யும் கணிப்பாகும். குறைந்தது பன்னிரண்டு மாத முழுச் சுற்றையாவது பார்க்காமல் எந்த வீதத்தையும் நம்பலாகாது.

இனிக் கனடாவுக்கு வருகிறேன். நம் மாவட்டத்திலிருந்து புலம்பெயர்ந்து ஸ்காபரோவிலே குடியிருக்கும் குடும்பங்களில், எயார் மைல்ஸ் என்னும் நீலநிற அட்டையை அறியாதவர் அரிது. 1992ஆம் ஆண்டில் கனடாவில் தொடங்கிய அந்தத் திட்டம் பலசரக்குக் கடை, எரிபொருள் நிலையம், வங்கி அட்டை என்று பல இடங்களிலும் ஒரே வகைப் புள்ளியைச் சேர்க்க வழிசெய்தது. 2011ஆம் ஆண்டின் இறுதியில் அதை நடத்திய கொம்பனி, ஐந்து ஆண்டுக்கு மேற்பட்ட மைல்கள் இனிக் காலாவதியாகும் என்று விதித்தது. அந்த விதியின்படி முதன்முதலாகப் புள்ளிகள் அழியவேண்டிய நாள் 2016 டிசம்பர் 31. நாள் நெருங்க நெருங்க, ஆண்டுக்கணக்காக மறந்திருந்தவர்களெல்லாம் ஒரே நேரத்தில் விழித்தெழுந்தார்கள். தொலைபேசியில் நெடுநேரம் காத்திருந்தோம், மாற்றத்தக்க பொருள் கிடைக்கவில்லை என்ற முறைப்பாடுகள் பத்திரிகைகளை நிரப்பின. காலாவதி அறிவித்தலே மக்களை எழுப்பிவிடுகிறது என்பதைக் கடந்தகாலத் தரவு முன்கூட்டிச் சொல்லாது. தூங்கியவரின் சுபாவத்தைக் கொண்டு வகுத்த வீதம், அவர் விழித்த பிறகு செல்லுபடியாவதில்லை.

ஒன்ராறியோ மாகாணச் சட்டசபை, காலம் கடந்தது என்ற ஒரே காரணத்தால் வெகுமதிப் புள்ளிகள் அழிவதைத் தடைசெய்யும் சட்டத்தை 2016 டிசம்பரில் நிறைவேற்றியது. அதற்குச் சில நாள் முன்பே, டிசம்பர் முதலாம் திகதி, கொம்பனி தானாகவே அந்த ஐந்தாண்டு விதியைக் கைவிட்டுவிட்டது. அதன் விளைவை ஏட்டில் எழுதவேண்டி வந்தபோதுதான் மதிப்பீட்டின் பாரம் வெளிப்பட்டது. வராமற்போகும் மைல்கள் 26 வீதம் என்று அதுவரை கணித்திருந்த தாய்க் கொம்பனி அதனை 20 வீதமாகக் குறைத்தது. ஆறு வீத வித்தியாசம், அவ்வளவே. ஆனால் அதற்காக அந்த ஆண்டின் இலாபத்திலிருந்து ஏறக்குறைய 24 கோடி அமெரிக்க டொலர் கழிக்கப்பட்டது. புதிதாக ஒரு மைலும் கொடுக்கப்படவில்லை, ஒரு பொருளும் கூடுதலாகப் போய்விடவில்லை. வரமாட்டார்கள் என்று எண்ணியிருந்தவர்களில் ஒரு பகுதியினர் வருவார்கள் என்று எழுதியதொன்றே காரணம். வருமானமென்று முன்னமே பதிந்துவிட்டதைத் திரும்ப எடுத்துக் கடனாக வைக்கவேண்டியிருந்ததால், பல ஆண்டுகளின் திருத்தம் ஒரே ஆண்டில் வந்து விழுந்தது.

அந்தத் திட்டத்தில் நம்மவர் கற்றுக்கொள்ளத்தக்க ஒரு நல்லம்சமும் இருந்தது. சேர்த்தவர்கள் கேட்கும்போது கொடுப்பதற்கென்று ஒரு நிதி, கொம்பனியின் ஏனைய பணத்தோடு கலவாமல், தனியே நம்பிக்கைப் பொறுப்பில் வைக்கப்பட்டிருந்தது. 2023 மார்ச்சில் அதை நடத்திய கொம்பனி கடன்காரரிடமிருந்து நீதிமன்றப் பாதுகாப்புக் கோரவேண்டிய நிலைக்கு வந்தும், மொன்றியல் வங்கி திட்டத்தை வாங்கி நடத்த, சேர்த்தவர்களின் மைல்கள் செல்லாக்காசாகவில்லை. இதற்கு நேர்மாறானது ஜெர்மனியின் எயார் பேர்லின் விமான நிறுவனத்தின் கதை. 2017 ஓகஸ்ட் மாதத்தில் அது முறிந்தது; அதன் புள்ளித் திட்டமும் சில நாட்களுக்குள் முறிவு மனுக் கொடுத்தது; பயணிகள் சேர்த்த மைல்களைக் கொண்டு பயணச்சீட்டு எடுக்கும் வழி அடைபட்டது. புள்ளி வைத்திருப்பவர், ஈடு எதுவுமில்லாமல் கடன் கொடுத்தவர்களின் வரிசையிலே நிற்பவர். நம் நாட்டு நியமமும் கடனை ஏட்டில் எழுதச் சொல்கிறதேயன்றி, அதற்கீடாகக் காசைத் தனியே எடுத்து வைக்கச் சொல்லவில்லை. இரண்டும் வேறு.

காலாவதி நாள் எதுவும் இல்லாமலே புள்ளிகள் கரைந்துபோகும் என்பதை நாம் கனடாவிலிருந்து கற்கவேண்டியதில்லை. 2022ஆம் ஆண்டில் நம் அடுப்படியிலேயே கண்டோம். அவ்வாண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 வீதமும், உணவுப் பொருட்களின் விலையேற்றம் 94.9 வீதமும் ஆயின. ஒரு புள்ளிக்கு ஒரு ரூபாய் என்ற கணக்கில் 2021 செப்டெம்பரில் ஆயிரம் புள்ளி சேர்த்து வைத்திருந்த குடும்பம், ஓராண்டு கழித்து அதைக் கொண்டு போனபோது, முன்னைய விலையில் ஏறத்தாழ 513 ரூபாய்க்குக் கிடைத்திருக்கக்கூடிய உணவையே பெற்றது. கடையின் ஏட்டிலோ அந்தக் கடன் ஆயிரம் ரூபாயாகவே நின்றது. கொடுத்ததும் ஆயிரம் ரூபாயே. சட்டத்தில் குற்றமில்லை, கணக்கில் பிழையில்லை. ஆயினும் வட்டியில்லாக் கடன் கொடுத்தவர் பாதியை இழந்தார். சேர்த்து வைத்தால் பெரிதாகும் என்று விளம்பரம் சொல்லுகின்ற புள்ளி, சேர்த்து வைக்குந்தோறும் சிறிதாகிற பொருள் என்பதை அந்த ஆண்டு காட்டிற்று. அந்த நெருக்கடிக் காலத்து நடத்தையைக் கொண்டு சாதாரண காலத்து வீதத்தைக் கணிக்கவும் கூடாது. பால்மாவும் எரிவாயுவும் கிடைக்காமல் வரிசையில் நின்ற மாதங்களில் புள்ளி மாற்றப்பட்டதோ மாற்றப்படாததோ, மறதியைப் பற்றி நமக்கு எதையும் சொல்வதில்லை.

காலாவதி நாளே கூடாது என்று வாதிப்பது என் நோக்கமன்று. முடிவில்லாக் கடனை எந்த வியாபாரியும் சுமக்கமுடியாது. ஐந்து புள்ளிக்காரரின் கணக்கை ஐம்பது ஆண்டு பேணுவதும் விவேகமன்று. ஆனால் இதே நாட்டில் வங்கியொன்றில் நாம் போட்ட பணம் பத்து ஆண்டு தொடப்படாமற் கிடந்தால், அது வங்கியின் இலாபமாகிவிடுவதில்லை. 1988ஆம் ஆண்டின் வங்கித்தொழில் சட்டப்படி கைவிடப்பட்ட சொத்தாக மத்திய வங்கிக்கு மாற்றப்படுகிறது, உரியவர் பின்னர் வந்து கேட்கவும் வழியுண்டு. அங்கே மறந்தவரின் பணம் மறந்தவருக்காகவே காக்கப்படுகிறது. புள்ளியிலே மறந்தவரின் பணம், மறக்கச் செய்தவருக்கே போகிறது. அந்த இடத்தில்தான் என் மனம் ஒப்பவில்லை. ஒருவருடைய மறதி இன்னொருவருடைய வருமானமாகும் ஏற்பாட்டில், நினைவூட்டும் கடமை அந்த வருமானம் பெறுபவருக்கே உரியது என்பது என் தீர்மானமான அபிப்பிராயம்.

அந்தக் கடமை பெருஞ்செலவுள்ளதன்று. கணினியில் தொகுதி வாரியாகப் புள்ளிகள் இருக்கின்றன. எது எந்த நாளில் முடியும் என்பதும் கடைக்குத் தெரியும். தெரிந்திராவிட்டால் ஐந்தொகையையே எழுதியிருக்க முடியாது. பற்றுச்சீட்டின் அடியில் மொத்தப் புள்ளி 640 என்று ஒரு வரி அச்சாகின்ற இடத்தில், "இவற்றுள் 210 அடுத்த மாத இறுதியில் முடிவடையும்" என்று தமிழிலும் சிங்களத்திலும் இன்னொரு வரி சேர்ப்பதற்குக் கடதாசியில் அரை அங்குலம் போதும். அந்த வரி இருந்திருந்தால், மூதூர்த் தாயார் முந்திய மாதம் வந்தபோதே ஒரு கிலோ சீனியேனும் கூடுதலாக எடுத்துப் போயிருப்பார். 2003ஆம் ஆண்டின் ஒன்பதாம் இலக்கச் சட்டத்தால் நிறுவப்பட்ட நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபை, புள்ளி கொடுக்கும் ஒவ்வொரு கடையும் இந்த ஒரு வரியை அச்சிடவேண்டும் என்று கட்டளையிட வேண்டும். கொம்பனிகளும் தம் ஆண்டறிக்கையில், கொடுத்த புள்ளி எவ்வளவு, மாற்றப்பட்டது எவ்வளவு, கேட்பாரின்றி முடிந்தது எவ்வளவு என்ற மூன்று தொகையையும் தனித்தனியே வெளியிடவேண்டும்.

அன்று மாலை அந்தத் தாயார் எஞ்சியிருந்த 430 புள்ளியையும் கழித்துவிட்டே போனார். வாசகர்களுக்கும் நான் சொல்லக்கூடியது அதுவே: கட்டளை வரும்வரையில் காத்திராமல், இந்த வாரம் சாமான் வாங்கப் போகும்போது உங்கள் இலக்கத்தில் எவ்வளவு கிடக்கிறது, அதில் எவ்வளவு எந்தத் திகதியில் முடிகிறது என்று காசுமேசையில் கேளுங்கள், கேட்டு, அன்றைக்கே கழித்துக்கொள்ளுங்கள்.